பழைய மெயில் தேடலில் ஏன் சிக்குவதில்லை?

குடியுரிமை விண்ணப்பத்துக்காக, 2015-ல் வந்த வேலை நியமனக் கடிதத்தை நண்பர் ஒருவர் லேப்டாப்பில் தேடினார். வரவில்லை. அழிந்துபோச்சு என்றே நினைத்துவிட்டார்.

தேடும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு மெயிலாகத் திறந்து படிப்பதில்லை. எந்தச் சொல் எந்த மெயிலில் என்று முன்பே தயாரித்த பட்டியலைத்தான் புரட்டுகிறது, புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொல்லடைவு மாதிரி. லேப்டாப் தயாரிக்கும் பட்டியலில், அதற்குள் இறங்கிய மெயில்கள் மட்டுமே இருக்கும். அவர் அவுட்லுக்கில் Download email for the past என்பது ஒரு வருடம். அதற்கு முந்தையவை சர்வரிலேயே தங்கிவிட்டன. போனில் சில மெயில் ஆப்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

பிரவுசரில் தேடச் சொன்னேன். அங்கே சர்வரின் பட்டியல். 'அப்பாயின்ட்மென்ட்' என்று போட்டும் ஊஹூம். கடிதம் ஸ்கேன் செய்த படம். நமக்கு எழுத்து, பட்டியலுக்கு வெறும் புள்ளிகள். அனுப்பியவர் பெயரையும் 2015-ஐயும் கொடுத்ததும் வந்து நின்றது.