ஊர் வேற, பெயர் வேற, ஆளு ஒண்ணு! கம்பெனிகளின் ரகசிய உறவை காட்டிக்கொடுக்கும் 8 இலக்க நம்பர்

ஈரோடு,

ஈரோட்டில் விசைத்தறி ஓட்டும் 61 வயது தொழிலாளி ஒருவர் கையில் டெபாசிட் பத்திரத்துடன் நம்மைத் தேடி வந்தார். மகள் கல்யாணத்துக்காக ஒரு நிதி கம்பெனியில் 3 லட்சம் ரூபாய் போட்டிருந்தார். முதிர்வு தேதி முடிந்து 5 மாதம் ஆகியும் பணம் வரவில்லை. போய்க் கேட்டால், "பணம் பூரா நிலத்துல முடங்கிக் கிடக்கு. நிலத்தை விக்கிறதா சொன்ன கோவை கம்பெனிக்காரன் எங்களையே ஏமாத்திட்டான். அவன் யாரோ, நாங்க யாரோ" என்று சேர்மன் கையை விரித்து விட்டாராம்.

"யாரோ எவரோ ஒருத்தனுக்கு யாராவது கோடிக்கணக்குல தூக்கிக் கொடுப்பாங்களா தம்பி?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடிய விவரம் வருமாறு:-

டைரக்டர் நம்பர்

ஒரு கம்பெனியை நடத்துகிறவர்கள் அதன் டைரக்டர்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது 2 பேர், பப்ளிக் லிமிடெட் என்றால் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். கம்பெனிக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், எந்த ஊரில் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். ஆனால் டைரக்டராக உட்காருகிற ஆளுக்கு மத்திய அரசு 8 இலக்கத்தில் ஒரு நம்பர் கொடுக்கிறது. இதற்கு டின் நம்பர் என்று பெயர். ஒருத்தருக்கு ஆயுசுக்கும் ஒரே நம்பர்தான். இரண்டு வாங்கினால் குற்றம்.

இங்கேதான் குட்டு உடைகிறது. ஒரே ஆள் 2 கம்பெனியில் டைரக்டராக இருந்தால், இரண்டு இடத்திலும் அதே நம்பர்தான் பதிவாகும். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in இணையதளத்தில் கணக்குத் தொடங்கி உள்ளே போனால் கம்பெனியின் அடிப்படை விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். நம்பர் தெரியவில்லை என்றாலும் கவலை இல்லை. கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் டைரக்டர் போடும் கையெழுத்துக்குக் கீழேயே அது இருக்கும். இருக்க வேண்டும் என்பது சட்டம்.

முதல் பார்வையில் ஒன்றும் இல்லை

பெரியவரின் நிதி கம்பெனியில் 3 டைரக்டர்கள். சேர்மன், அவர் மனைவி, ரிட்டயர்டு பேங்க் ஊழியர் ஒருவர். கோவை நிலக் கம்பெனியில் 2 டைரக்டர்கள். ஒரு இளைஞர், இன்னொரு நடுத்தர வயதுக்காரர். ஒரு பெயர்கூட பொருந்தவில்லை. சேர்மன் சொன்னது நிஜம்தானோ என்று நமக்கே சந்தேகம் வந்து விட்டது.

அடுத்து ஒவ்வொரு ஆளின் நம்பரையும் எடுத்து, அவர் வேறு எந்தெந்த கம்பெனியில் இருக்கிறார் என்று பார்த்தோம். ஒரு வெள்ளைத்தாளில் கம்பெனிகளை வட்டமாகவும், ஆட்களைக் கோடாகவும் போட்டுக்கொண்டே போனோம். (கம்ப்யூட்டரில் போடுவதை விட தாளில் போட்டால்தான் நமக்கு மண்டையில் ஏறுகிறது).

இங்கே நாம் ஒரு தப்பு செய்தோம். ரிட்டயர்டு பேங்க் ஊழியர் இன்னும் 9 கம்பெனிகளில் டைரக்டர். அதில் ஆஸ்பத்திரி நடத்தும் கம்பெனி, நூல் மில் எல்லாம் வந்தன. "அடேயப்பா, எவ்வளவு பெரிய வலை!" என்று குதித்தோம். விவரம் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் சிரித்தார். "அவரு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயி உட்காருற ஆளுங்க. போர்டு மீட்டிங்குக்கு வந்து, பீஸ் வாங்கிட்டு போவாரு. அவரை வச்சு 10 கம்பெனியும் ஒண்ணுன்னு எழுதுனா கோர்ட்டுல நிக்காது. 2 கம்பெனியில மட்டும் இருக்கிற ஆளைப் பிடிங்க" என்றார்.

ரொம்ப கரெக்டான பேச்சு. சட்டப்படி ஒருத்தர் 20 கம்பெனி வரை டைரக்டராக இருக்கலாம். பத்து இடத்தில் இருப்பவரின் உறவு நூல் மாதிரி. இரண்டே இடத்தில் இருப்பவரின் உறவு கயிறு மாதிரி. இரண்டு பேர் சேர்ந்தாற்போல இரண்டு கம்பெனியிலும் இருந்தால் அது சங்கிலி.

பெயர் விஷயத்திலும் உஷாராக இருக்க வேண்டும். நம்ம ஊரில் செந்தில்குமாருக்கு பஞ்சமா? பெயர் ஒன்றாக இருந்து நம்பர் வேறாக இருந்தால், அது வேறு ஆள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா பெயர், விலாசம் எல்லாம் ஒத்துப் பார்க்காமல் ஒருத்தரை மாட்டிவிட்டால் நாம்தான் கம்பி எண்ண வேண்டும்.

நடுவில் வந்த கழிவுப்பஞ்சு

ஆடிட்டர் சொன்னபடி இளைஞரின் நம்பரைப் பிடித்தோம். அவர் 2 கம்பெனியில்தான் இருந்தார். ஒன்று கோவை நிலக் கம்பெனி. இன்னொன்று திருப்பூரில் பதிவான கழிவுப்பஞ்சு வியாபார கம்பெனி. அந்த பஞ்சு கம்பெனியின் இன்னொரு டைரக்டர் யார் தெரியுமா? நிதி கம்பெனி சேர்மனின் மனைவி! பெயரில் இனிஷியல் மட்டும் மாற்றி எழுதியிருந்தது. நம்பர் மாறவில்லை.

ஆக நிதி கம்பெனிக்கும் நிலக் கம்பெனிக்கும் நேரடி உறவு இல்லை. நடுவில் பஞ்சு கம்பெனி பாலமாக நிற்கிறது. இரண்டு பட்டியலை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாருக்கும் இது சிக்காது. ஒரு தட்டு தள்ளிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

21 நாள்

இதுவரை நாம் பார்த்தது இப்போது பதவியில் இருப்பவர்களை. முன்னாடி இருந்துவிட்டு விலகியவர்கள்தான் முக்கியம். டைரக்டர் சேர்ந்தாலும் விலகினாலும் 30 நாளுக்குள் கம்பெனி DIR-12 என்ற படிவத்தை அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதே இணையதளத்தில் View Public Documents என்ற பகுதியில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் இந்தப் படிவங்களைப் பார்க்கலாம்.

பெரியவரும் அவர் கூட்டாளிகளும் ஆளுக்கு கொஞ்சமாகப் போட்டு அந்த 100 ரூபாயைக் கட்டினார்கள். படிவத்தைத் திறந்ததும் தூக்கிவாரிப் போட்டது. நிதி கம்பெனி சேர்மன், நிலக் கம்பெனியை ஆரம்பித்த டைரக்டர்களில் ஒருவர்! 2022-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி விலகியிருக்கிறார்.

பணம் எப்போது போனது? பேலன்ஸ் ஷீட்டில் நிலத்துக்கு முன்பணம் 2 கோடியே 40 லட்சம் என்று இருந்ததே தவிர தேதி இல்லை. ஆனால் டெபாசிட்தாரர்களை சமாதானப்படுத்த சேர்மனே கொடுத்த நோட்டீசில் நிலத்தின் சர்வே நம்பர் இருந்தது. அதை வைத்து பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். நிதி கம்பெனியும் நிலக் கம்பெனியும் போட்ட கிரய ஒப்பந்தம் பதிவான தேதி, 2022 ஜூலை 18. சேர்மன் விலகி சரியாக 21 நாள்!

சேர்மன் டைரக்டராக இருந்தபோதே ஒப்பந்தம் போட்டிருந்தால், சொந்தக் கம்பெனியோடு செய்த வியாபாரம் என்று கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். விலகிவிட்டால் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்திருக்கலாம். அது தப்புக் கணக்கு. டைரக்டரோ, அவர் மனைவி மக்களோ ஒரு பிரைவேட் கம்பெனியில் பங்கு வைத்திருந்தாலே அது தொடர்புடைய கம்பெனிதான். ஆண்டு அறிக்கையோடு சேர்ந்த பங்குதாரர் பட்டியலில் சேர்மன் மனைவி பெயர் அப்போதும் இருந்தது. போதாக்குறைக்கு நிதி கம்பெனி என்றால் உறுப்பினரிடம் டெபாசிட் வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுப்பதுதான் தொழில். நிலத்துக்கு கோடிக்கணக்கில் முன்பணம் கொடுத்ததே தனிக் கேள்வி.

அமெரிக்காவில் அப்பவே

இந்த வித்தை புதுசு இல்லை. 1912-ல் அமெரிக்க பாராளுமன்றம் புஜோ என்ற எம்.பி. தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. பெரும் பணக்காரர் ஜே.பி.மார்கன் நேரில் வந்து சாட்சி சொன்னார். கமிட்டி செய்ததும் நாம் செய்த வேலைதான். யார் யார் எந்த போர்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். மார்கன் கம்பெனியின் பங்குதாரர்களும், அதோடு சேர்ந்த சில பேங்குகளின் டைரக்டர்களும் மட்டும் 112 கம்பெனிகளில் 341 டைரக்டர் பதவிகளைப் பிடித்து வைத்திருந்தது 1913-ல் அம்பலமானது. அடுத்த வருடமே, போட்டிக் கம்பெனிகள் இரண்டில் ஒரே ஆள் டைரக்டராக இருக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அவர்களுக்கு நம்பரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

டிரைவர் பெயரில் இருந்தால்?

ஒரே டைரக்டர் இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. அப்பாவும் மகனும் நாலு கம்பெனி நேர்மையாக நடத்துவது ஊரில் எத்தனையோ உண்டு. டைரக்டர் வரைபடம் எங்கே தோண்டலாம் என்றுதான் காட்டும். தேதியும் பணமும் சேர்ந்தால்தான் கேஸ்.

சில கில்லாடிகள் தங்கள் பெயரே வராமல் டிரைவரையும் சமையல்காரரையும் டைரக்டர் ஆக்கி விடுகிறார்கள். அப்போது இந்த நம்பர் வித்தை பலிக்காது. அந்த மாதிரி இடத்தில் பதிவு விலாசம், இமெயில், ஆடிட்டர் யார், பங்கு யார் பெயரில் என்று பார்க்க வேண்டும். இந்த விவகாரத்திலும் பஞ்சு கம்பெனி, நிலக் கம்பெனி இரண்டுக்கும் ஒரே இமெயில்தான். மெனக்கெட்டு ஊரை மாற்றியவர்கள் அதை மாற்ற மறந்து விட்டார்கள்.

எதுக்கு இவ்வளவு பாடு?

தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்பு சட்டம் 1997 முதல் அமலில் உள்ளது. இதன்படி பணம் தராத கம்பெனியின் சொத்தையும், அது போதாவிட்டால் டைரக்டர்களின் சொத்தையும் அரசு முடக்கலாம். கெட்ட எண்ணத்தோடு இன்னொருத்தர் பெயருக்கு மாற்றிய சொத்து என்று தெரிந்தால், தனிக்கோர்ட்டு அந்த இன்னொருத்தரின் சொத்தையும் முடக்க உத்தரவிட முடியும். "அவன் யாரோ, நாங்க யாரோ" என்று சேர்மன் சொன்னதன் அர்த்தம் இப்போது புரிகிறதா? நிலக் கம்பெனி யாரோ என்று ஆகிவிட்டால் அந்த நிலம் தப்பித்துவிடும்.

பெரியவர் உள்பட 14 பேர் பொருளாதார குற்றப்பிரிவில் புகார் கொடுத்தனர். டெபாசிட் பத்திரத்தின் ஜெராக்சோடு DIR-12 படிவம், வில்லங்கச் சான்று, பங்குதாரர் பட்டியல், வட்டமும் கோடும் போட்ட அந்த வெள்ளைத்தாள் ஆகியவற்றையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துள்ளனர். புகாரை வாங்கிய அதிகாரி முதலில் பார்த்தது அந்த வெள்ளைத்தாளைத்தான். "இந்த பஞ்சு கம்பெனி எங்கே இருக்கு?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.