எர்த்து இருந்தும் ஷாக் ஏன்?

நம் ஊரில் வயரிங் வேலை பார்க்கிறவர்களில் பலர் தொழிலை வகுப்பறையில் கற்றவர்கள் அல்லர். ஒரு எலெக்ட்ரீஷியனிடம் கையாளாகச் சேர்ந்து, சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, ஒயர் இழுத்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். இப்படிப்பட்டவர்கள் சான்றிதழ் பெறுவதற்காகவே தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. எழுதுகிறவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவத்தைக் காட்டியும் இந்தத் தேர்வுக்கு வரலாம். ஆகவே இவர்களுக்கான பாதுகாப்புப் பாடத்தில் புதிதாகச் சொல்லித் தருவதைவிட, கையில் ஊறிப்போன பழக்கங்களைச் சோதித்துப் பார்ப்பதே பெரிய வேலை. அதில் முதலாவதாக வரவேண்டியது எர்த்து.

இந்தப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்கலாம். “ஒரு வீட்டுல எர்த்து நல்லா இருக்கான்னு எப்படிண்ணே பார்ப்பீங்க?”

அனுபவசாலிகளிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: “டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்ப்பேன் சார். ஒரு முனையை பேஸ்ல, இன்னொரு முனையை எர்த்துல வெச்சா பல்பு பளிச்சுன்னு எரியணும். எரிஞ்சா எர்த்து சூப்பரா இருக்குன்னு அர்த்தம்.”

பல்பு எரிந்தால் எர்த்து ஒயர் எங்கேயோ மண்ணைத் தொடுகிறது என்பது மட்டும் தெரியும். அது நன்றாகத் தொடுகிறதா என்பதை அந்த பல்பு சொல்லாது. கணக்கு எளிது. டெஸ்ட் லேம்பில் 100 வாட் குண்டு பல்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எரியும்போது அதன் மின்தடை ஏறக்குறைய 530 ஓம். எர்த்துக் குழி காய்ந்துபோய் அதன் தடை 50 ஓமுக்கு ஏறிவிட்டது என்றாலும், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 210 வோல்ட் பல்புக்கே கிடைத்துவிடும். குழிக்குப் போவது 20 வோல்ட்தான். 230க்கும் 210க்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். மோசமான எர்த்தும் நல்ல எர்த்தும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலவே தேறிவிடும்.

இதனால் என்ன நடக்கும் என்பதை ஒரு சமையலறையில் வைத்துப் பார்ப்போம். மாவு ஆட்டும் கிரைண்டர். தண்ணீர் வழிந்து வழிந்து மோட்டாருக்குள் ஈரம் இறங்கி, ஒருநாள் பேஸ் ஒயர் கிரைண்டரின் உலோக உடம்பைத் தொட்டுவிடுகிறது. மூன்று முனை பிளக், எர்த்து ஒயர், தோட்டத்தில் எர்த்துக் குழி எல்லாமே உண்டு. அந்த வரிக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் உண்டு. ஆகவே கவலையில்லை என்றுதான் வீட்டுக்காரரும் வயரிங் செய்தவரும் நினைப்பார்கள்.

கிரைண்டர் உடம்புக்கு வந்த மின்சாரம் எர்த்து ஒயர் வழியாகக் குழிக்குப் போய், மண்ணுக்குள் நடந்து, தெருவிலிருக்கும் டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக் குழி 20 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம் என்று கொள்வோம். மொத்தம் 22 ஓம். 230ஐ 22ஆல் வகுத்தால் ஏறக்குறைய பத்தரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது வழக்கமான சுமை. நாளெல்லாம் ஓடினாலும் அது விழாது. இதற்கிடையே கிரைண்டரின் உடம்பில் நிற்பது பத்தரை பெருக்கல் 20, அதாவது 210 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஒருவர் ஈரக் கையால் அதைத் தொட்டால், உடம்பின் தடை 1,500 ஓம் என்று கொண்டாலும், 140 மில்லி ஆம்பியர் அவர் வழியாகப் பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30க்கு மேல் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

குழியை நன்றாகப் பராமரித்து, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி 2 ஓமுக்குக் கொண்டுவந்தால்? அப்போது 57 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு அதன் வகையைப் பொறுத்து 3 முதல் 10 மடங்கு மின்சாரம் தேவை. வீடுகளில் அதிகம் மாட்டப்படும் ‘சி’ வகைக்கு 80 ஆம்பியராவது வேண்டும். 57 ஆம்பியரில் அது சூடேறித்தான் விழும். அதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் கிரைண்டரில் 115 வோல்ட் இருக்கும். சுருங்கச் சொன்னால், எம்.சி.பி. ஒயரைத் தீயிலிருந்து காப்பதற்கான கருவி. மண் வழியாகத் திரும்பும் கசிவிலிருந்து மனிதரைக் காக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. தரைக்கடியில் கேபிள் வழியாக மின்சாரம் வந்து, கேபிளின் உலோக உறையே எர்த்துப் பாதையாக இருக்கும் அடுக்குமாடிகளில் நிலைமை சற்று மேல். கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வரும் தனி வீடுகளில் மேலே சொன்ன கணக்குதான்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வருகிறது. எம்.சி.பி.யைவிட அகலமாக, முகத்தில் ‘டி’ என்ற எழுத்தோடு சின்னப் பொத்தான் வைத்திருக்கும் கருவி அது. பேஸ் வழியாகப் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறு எங்கோ கசிகிறது என்று பொருள்; 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.04 நொடியே போதும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியரைத்தான் உச்ச அளவாக வைத்திருக்கின்றன.

நம் கிரைண்டர் வீட்டில் இது இருந்திருந்தால், ஈரம் இறங்கி பேஸ் உடம்பைத் தொட்ட அந்தக் கணமே பத்தரை ஆம்பியர் மண்ணுக்குப் போயிருக்கும். யாரும் தொடுவதற்கு முன்பே மின்சாரம் நின்றிருக்கும். குழியின் தடை 100 ஓமாக இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியும் என்பதால் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். எர்த்தே இல்லாத வீட்டில் மட்டும் அது யாராவது தொடும்வரை காத்திருக்கும். தொட்டவருக்கு ஷாக் அடித்த பிறகுதான் விழும். அதனால் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அதன் எல்லையையும் பயிற்சி பெறுகிறவர் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த மர ஸ்டூலில் நின்றபடி ஒரு கையில் பேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால், போன மின்சாரம் முழுதும் திரும்பி வந்துவிடும். ஆர்.சி.சி.பி.க்கு அது ஒரு பல்பு எரிவதுபோலத்தான் தெரியும், விழாது.

தொழிலில் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழத் தொடங்கும். வீட்டுக்காரர் பொறுமை இழந்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார். “இது தொந்தரவு பிடிச்ச சாமான், நேரா குடுத்துடலாம் சார்” என்று சொல்லி, வந்தவர் அதைத் தாண்டி ஒயரைப் போட்டுவிட்டுக் கூலியோடு போய்விடுவார். தொழிலில் இதைவிட மோசமான காரியம் இல்லை என்பேன். காவல் பறிபோனது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்கவே வேண்டும். அதன்பின் விழவில்லை என்றால் கோளாறு ஏதோ ஒரு சாதனத்தில். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அயர்ன்பாக்ஸ், கீசர் என்று சூடேற்றும் சாமான்களை முதலில் சந்தேகிக்கலாம். பிளக்குகள் எல்லாம் வெளியே இருந்தும் விழுகிறது என்றால், எம்.சி.பி.க்களை இறக்கி ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒன்றை ஏற்றியதும் விழுந்தால், அந்த வரியின் பேஸில் கசிவு.

பலரைக் குழப்புவது இனிமேல் வருவது. எம்.சி.பி. எல்லாம் இறங்கியிருந்தும் ஆர்.சி.சி.பி. சில நேரம் விழும். அல்லது எந்தப் பெரிய சாதனத்தைப் போட்டாலும் விழும். கீசரைப் போட்டதும் விழுகிறதே என்று கீசரைக் கழற்றுவார்கள். பிறகு ஏசி போட்டாலும் விழும். இது பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தைத் தொடுவதன் அடையாளம். வீடுகளில் உள்ள ஒற்றைத் துருவ எம்.சி.பி. பேஸை மட்டுமே வெட்டும்; நியூட்ரல் இணைந்தே இருக்கும். மாடிப்படி விளக்கின் உலோகப் பெட்டியில் திருகு நியூட்ரல் ஒயரின் தோலைக் கிள்ளியிருந்தால், தீப்பொறி வராது, விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் வீட்டில் எங்கே சுமை ஏறினாலும், திரும்பும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பெட்டி வழியாக மண்ணுக்கு நழுவும். குற்றம் மாடிப்படியில் இருக்க, பழி கீசர்மீது விழும்.

இதைப் பிடிக்க மெயின் ஸ்விட்சை இறக்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மெயினை இறக்கிய பிறகும் இன்வெர்ட்டர் வரியில் 230 வோல்ட் இருக்கும். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்ட் லேம்பால் உறுதிசெய்யும்போது, அதை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பல்பின் இழை அறுந்துவிட்டால் உயிருள்ள ஒயரும் செத்த ஒயராகத் தெரியும் அல்லவா? அதற்குத்தான் அந்த மூன்றாவது சோதனை. பிறகு நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே 500 வோல்ட் மெகரை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் ஒயர்தான் நாம் தேடியது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மாடிப்படிப் பெட்டிக்குப் போய்ச் சேரலாம். அரைநாள் வேலை. அதற்கான கூலியைக் கேட்டு வாங்கலாம். அதில் தவறே இல்லை.

குழியின் தடையை அளக்க எர்த் டெஸ்டர் என்ற தனிக் கருவி உண்டு. குழியின் ஒயரைக் கழற்றி, தள்ளித் தள்ளி இரண்டு கம்பிகளை மண்ணில் அடித்து அளப்பார்கள். மண் காய்ந்து தடை ஏறியிருக்கும் கோடையில் அளப்பதே சரி.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கிரைண்டரையோ வாஷிங் மெஷினையோ தொடும்போது விறுவிறு என்று லேசாக ஷாக் அடித்தால், செருப்புப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். அந்தச் சாதனத்தைத் தொடாமல் முதலில் மெயினை இறக்குங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் பலகையில் ஆர்.சி.சி.பி. இருந்தால், மின்சாரம் இருக்கும்போது அந்த ‘டி’ பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் வீடு இருண்டால் கருவி வேலை செய்கிறது. எர்த்தைப் பற்றி அந்தப் பொத்தான் எதுவும் சொல்லாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் கருவியை மாற்றச் சொல்லுங்கள். அடிக்கடி விழுகிறது என்றால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். நேராகக் கொடுத்துவிடும்படி யாரிடமும் கேட்காதீர்கள்.