அடி விழும் முன்பே தெரிய வேண்டும்

சண்டை கேம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறவர் தோற்றதும் என்ன சொல்கிறார் என்பதை டிசைனர் கூர்ந்து கேட்பார். "கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றால் கவலையில்லை. "எதுல அடிபட்டேன்னே தெரியல" என்றால் வேலை இருக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் போய்ச் சேர்வது, எதிரியை அசைய வைத்த அனிமேட்டரிடம்.

எதிரி அடிப்பதற்கு முன் காட்டும் அறிகுறிக்கு கேம் துறையில் டெலிகிராஃப் என்று பெயர். கை பின்னால் போகும், உடல் முறுகும், சில சமயம் உறுமல் கேட்கும். ஆட்டக்காரர் அதைப் புரிந்துகொண்டு விலக வேண்டும். 1987-ல் நின்டெண்டோவில் வந்த 'பஞ்ச்-அவுட்!!' குத்துச்சண்டை கேம் முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. அதில் கிரேட் டைகர் குத்தப்போகிறான் என்றால் முதலில் அவன் தலைப்பாகைக் கல் மின்னும். பால்ட் புல் பின்வாங்கிப்போய், துள்ளித் துள்ளிப் பாய்ந்து வருவான். சரியான கணத்தில் எதிர்க் குத்து விட்டால் சாய்ந்துவிடுவான்.

இன்றைய முப்பரிமாண கேம் ஒன்றில் இதே விஷயம் எங்கே சிக்கலாகிறது என்பதைப் பார்க்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கதாயுதம் ஏந்திய ஒரு ராட்சதன். அவனுக்கு இரண்டு அடிகள். ஒன்று தலைக்கு மேலிருந்து நேராக இறங்கும். பக்கவாட்டில் உருண்டால் தப்பலாம். மற்றது தரையை ஒட்டிப் பக்கவாட்டில் வீசுவது. பின்னால் தாவினால்தான் தப்பலாம். அனிமேஷன் அழகாக வந்திருக்கிறது. ஆனால் ஆடுகிறவர்கள் தொடர்ந்து தப்பான பக்கம் விலகிச் சாகிறார்கள்.

டிசைனரின் குறிப்பு இப்படித் தொடங்கும்: "இரண்டு அடியும் தொடங்கியதிலிருந்து 36-வது ஃப்ரேமில் விழுகின்றன. அந்த நேரம் போதும், அதை நீட்ட வேண்டாம். ஆனால் முதல் 24 ஃப்ரேம் வரை இரண்டிலும் கதாயுதம் ஒரே மாதிரி வலது தோளுக்குப் பின்னால் போகிறது. எது வருகிறது என்று 25-வது ஃப்ரேமில்தான் தெரிகிறது."

நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் 36 ஃப்ரேம் என்பது 0.6 நொடி. தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் ஆட்டக்காரருக்கு உண்மையில் கிடைப்பது கடைசி 12 ஃப்ரேம், அதாவது 0.2 நொடி. திரையில் ஒரு விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்து என்றால்கூட மனிதருக்குச் சுமார் கால் நொடி ஆகும். இரண்டில் எது என்று பிரித்தறிந்து, அதற்கேற்ற பட்டனைத் தேர்ந்தெடுக்க அதைவிட அதிகமாகும். டிவியும் கன்ட்ரோலரும் தம் பங்குக்குச் சில ஃப்ரேம்களை விழுங்கும். ஆக, இந்த ராட்சதனைப் பார்த்து விலகவே முடியாது; ஊகித்துத்தான் விலக முடியும். எதிரி எவ்வளவு நேரம் ஓங்குகிறான் என்பதைவிட, எந்த ஃப்ரேமில் அவனுடைய அடி இன்னதென்று தெரிகிறது என்பதுதான் கணக்கு.

அடிக்கு முன் எதிர்த்திசையில் ஒரு ஆயத்த அசைவு வேண்டும் என்பது அனிமேட்டர்களுக்குப் பால பாடம். டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய நூலில் சொன்ன பன்னிரண்டு கொள்கைகளில் அதுவும் ஒன்று. ஆனால் சினிமா பார்க்கிறவர் அந்த அசைவைக் கண்டு எதையும் செய்ய வேண்டியதில்லை. கேம் ஆடுகிறவர் அதைக் கண்டு முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் படத்தில் அருமையாக இருக்கும் ஓங்கல் கேமில் புரியாமல் போகிறது.

எனவே குறிப்பின் முக்கியக் கோரிக்கை, வித்தியாசத்தை முன்னால் கொண்டுவருவது. மேலிருந்து இறங்கும் அடிக்கு இரண்டு கையும் உடனே தலைக்கு மேல் போகட்டும், உடல் நிமிர்ந்து நீளட்டும். வீச்சுக்கு அவன் குனிந்து இடுப்பை முறுக்கட்டும், கதாயுதம் உடலைவிட்டு விலகிப் பக்கவாட்டில் நீளட்டும். முதல் 8 ஃப்ரேமிலேயே அந்த போஸுக்கு வந்துவிட வேண்டும். அடுத்த 22 ஃப்ரேம் அதிலேயே நிற்க வேண்டும்; உறைந்துபோய் அல்ல, மூச்சு ஏறுவதுபோல மெல்ல நகர்ந்துகொண்டு. கடைசி 6 ஃப்ரேமில் அடி. மொத்தம் அதே 36 தான். சண்டையின் வேகம் குறையவில்லை. ஆட்டக்காரருக்கு மட்டும் 28 ஃப்ரேம், கிட்டத்தட்ட அரை நொடி கிடைத்துவிடுகிறது.

அடுத்தது கேமரா. அனிமேட்டர் வேலை செய்யும்போது ராட்சதனைப் பக்கவாட்டிலிருந்து, திரை நிறையப் பார்க்கிறார். ஆட்டக்காரரோ தன் வீரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவனை நேருக்கு நேராகச் சிறிய உருவமாகப் பார்க்கிறார். பக்கவாட்டில் பிரமாதமாகத் தெரிந்த கதாயுதம் முன்னாலிருந்து பார்த்தால் அவன் முதுகுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கேம் கேமராவில் 10-வது ஃப்ரேமை நிறுத்தி, உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, அந்த கேமை ஆடாத ஒருவரிடம் காட்டி "எந்தப் பக்கமிருந்து அடி வரும்?" என்று கேட்க வேண்டும். அவர் தடுமாறினால் போஸ் சரியில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் சில சமயம் கேமுக்குள் போஸ் மங்கலாகவே தெரியும். அப்போது பார்க்க வேண்டியது பிளெண்ட். நடையிலிருந்து அடிக்கு மாறும்போது கேம் இன்ஜின் இரண்டு அனிமேஷனையும் சில ஃப்ரேம்களுக்குக் கலந்து காட்டும். அது 12 ஃப்ரேம் என்று வைத்திருந்தால், 8-வது ஃப்ரேமில் வரவேண்டிய போஸில் ஒரு பங்கு இன்னும் நடையாகவே இருக்கும். அனிமேட்டரின் கோப்பில் எந்தத் தப்பும் தெரியாது. பிளெண்டை 3, 4 ஃப்ரேமாகக் குறைத்ததும் போஸ் தெளிந்துவிடும்.

பளிச்சென்று ஒரு சிவப்பு ஒளியைப் போட்டுவிட்டால் போதாதா என்று தோன்றலாம். 2019-ல் வந்த 'செகிரோ'வில் ஆபத்தான அடிகளுக்கு முன் சிவப்பு எழுத்து ஒன்று ஒலியோடு தோன்றும். ஆனால் குத்து, காலை வாரும் வீச்சு, பிடி என்று வெவ்வேறு விதமாகச் சமாளிக்க வேண்டிய அடிகளுக்கு வருவது அதே எழுத்துதான். எழுத்து கவனத்தைத் திருப்புகிறது. எந்த அடி என்பதை எதிரியின் உடலைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

தெளிவாகத் தெரிவதால் சண்டை சுலபமாகிவிடும் என்பதும் இல்லை. 2022-ல் வந்த 'எல்டன் ரிங்'கில் மார்கிட் தன் தடியை ஓங்கி, எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் அப்படியே நிறுத்துவான். அடி எங்கிருந்து வரும் என்பதில் குழப்பமே இல்லை. ஓங்கியதுமே பதறி உருண்டவர்தான் எழும்போது அடிபடுவார்.

அனிமேட்டரிடமிருந்து நியாயமான மறுப்பும் வரும்: இவ்வளவு பெரிய கதாயுதத்தை 8 ஃப்ரேமில் தூக்கினால் அது அட்டையில் செய்ததுபோல் ஆகிவிடும். இதற்குத் தீர்வும் அவர் கையிலேயே இருக்கிறது. இடுப்பும் தோளும் முதலில் போஸுக்குப் போகட்டும். கதாயுதம் சில ஃப்ரேம் பின்தங்கி இழுபட்டு வரட்டும். உடலின் வடிவம் மாறியதுமே அடி இன்னதென்று தெரிந்துவிடும், பாரமும் குறையாது. அடி விழுந்த பிறகு கதாயுதம் தரையில் புதைந்து, ராட்சதன் அதைப் பிடுங்கத் திணறும் 40, 50 ஃப்ரேமில் அதன் எடையை அனிமேட்டர் ஆசைதீரக் காட்டலாம். ஆட்டக்காரர் நெருங்கித் திருப்பி அடிப்பதற்கும் டிசைனர் ஒதுக்கி வைத்திருப்பது அந்த நேரத்தைத்தான்.