பரிந்துரைத்தவருக்கு நன்றி சொல்வது எப்படி, பரிந்துரை கேட்பது எப்போது?

ஒரு வாடிக்கையாளர் தன் உறவினரிடமோ நண்பரிடமோ ஒரு தொழில்காரரின் பெயரைச் சொல்லி அனுப்பும்போது, கூடவே தன் பெயரையும் பிணையாக வைக்கிறார். வேலை சரியில்லை என்றால் "நீ சொல்லித்தானே இவரைப் பிடிச்சோம்" என்ற பேச்சைக் கேட்கப்போவது அவர்தான். அதனால் பரிந்துரை கேட்பதிலும் அதற்கு நன்றி சொல்வதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கல்யாணப் புகைப்படக்காரரின் தொழில் நல்ல உதாரணம். ஒரே வாடிக்கையாளர் அடிக்கடி திரும்பி வரும் தொழில் இல்லை அது. ஆனால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அடுத்த கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியப்பா, அத்தை, சித்தி என்று நாலு பேராவது இருப்பார்கள்.

பரிந்துரையில் வருகிறவர்கள் வேறு வழியில் வருகிறவர்களைவிட நல்ல வாடிக்கையாளர்களா என்ற கேள்வியை ஃபிலிப் ஷ்மிட், பெர்ண்ட் ஸ்கீரா, கிறிஸ்டோஃப் வான் டென் புல்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒரு ஜெர்மன் வங்கியின் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. புதியவரை அழைத்துவந்த பழைய வாடிக்கையாளருக்கு அந்த வங்கி 25 யூரோ கொடுத்தது. ஏறத்தாழ 10,000 பேரின் கணக்குகளைக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, பரிந்துரையில் வந்தவர்கள் வங்கியைவிட்டு விலகுவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்களால் வங்கிக்குக் கிடைத்த மதிப்பு சராசரியாக 16 சதவீதமாவது அதிகம். தெரிந்தவர் ஒருவர், இந்த இடம் யாருக்குப் பொருந்தும் என்று பார்த்து அனுப்புவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று கருதலாம். சம்மானத்துக்காக யாரையும் எவரையும் அனுப்பத் தொடங்கினால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

கேட்பதற்கான நேரத்தை முதலில் பார்ப்போம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது எல்லாரும் நல்ல மனநிலையில் இருப்பார்கள் என்று தோன்றும். உண்மையில் பெண்ணின் அப்பா அப்போது சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் கணக்குத் தீர்த்துக்கொண்டிருப்பார். புகைப்படக்காரரின் வேலையை அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதைவிட மோசமான நேரம், பேலன்ஸ் தொகையை ஞாபகப்படுத்தும் அதே அழைப்பில் கேட்பது. பணம் கேட்கிறவர் உதவியும் கேட்டால் இரண்டில் ஒன்று கசக்கும். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வாரங்களும் ஆகாது. இரண்டாயிரம் படத்திலிருந்து இருநூறைப் பொறுக்குவதற்குள் வீட்டுக்குள் சண்டையே வந்துவிடும். "ஆல்பம் இன்னும் வரலையே" என்ற எரிச்சலும் சேர்ந்திருக்கும்.

பொருத்தமான நேரத்துக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. வாங்கியவர் தானாகவே பாராட்டியிருக்க வேண்டும். இரு பக்கமும் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. புகைப்படத் தொழிலில் இவை இரண்டும் பெரும்பாலும் கூடிவருவது ஆல்பத்தைக் கையில் கொடுத்த ஒரு வாரத்துக்குள். முதல் நாள் வீட்டார் தங்கள் முகங்களைத் தேடிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீடு, சொந்தக்காரர் என்று ஆல்பம் கைமாறத் தொடங்கும். பாராட்டு வருவது அப்போதுதான். "எல்லாம் திருப்தியா?" என்று கேட்க ஒரு அழைப்பு போட்டால் போதும். பதிலில் ஏதாவது குறை வந்தால் அன்று பரிந்துரைப் பேச்சை எடுக்காமல் அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். இரண்டு தாள் மாற்றி அச்சடித்துக் கொடுத்த பிறகு வரும் பாராட்டு சில சமயம் முதலில் வந்திருக்கக்கூடியதைவிட அழுத்தமாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்குள் இன்னொரு காலக்கணக்கும் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பவர்கள் குறைவு. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். முகூர்த்தம் இல்லாத அந்த மாதங்களில்தான் அடுத்த சீசனுக்கு மண்டபமும் புகைப்படக்காரரும் பேசி முடிக்கப்படுகிறார்கள். வைகாசியில் கல்யாணம் முடிந்த பெண் தலை ஆடிக்குத் தாய் வீடு வருவாள். பார்க்க உறவினர்களும் வருவார்கள். அதற்குள் ஆல்பம் வீட்டில் இருந்தால், ஆவணிக்கு நாள் குறித்திருக்கும் குடும்பத்தின் கையில் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். ஆவணி பாதியில் கொடுக்கப்படும் ஆல்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தச் சீசனைத் தவறவிட்டுவிடும். சொல்லப்போனால், ஆல்பத்தைச் சொன்ன தேதிக்கு முடிப்பதுதான் பரிந்துரைக்கான முதல் ஏற்பாடு.

கேட்கும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. "யாராவது இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொன்னால் அந்த "யாராவது" யாருக்கும் ஞாபகம் வரமாட்டார். வாடிக்கையாளரே வாயெடுத்த பெயரைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆல்பம் பார்த்த பெண்ணின் அம்மா, "ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி, என் அண்ணன் பொண்ணுக்கும் ஆவணியில வைக்கலாம்னு பேசிட்டிருக்காங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சந்தோஷம்மா. அவங்க இன்னும் யாரையும் பேசலைன்னா இந்த ஆல்பத்தைக் காட்டி என் நம்பரைக் குடுங்க. பிடிச்சிருந்தா அவங்களே கூப்பிடட்டும்" என்ற பதில் போதும். இதில் கட்டாயம் இல்லை. மறுக்கவும் இடம் இருக்கிறது. அண்ணன் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கி முன்பின் தெரியாதவர் கூப்பிடுவது வேறு விஷயம். அது அந்த அம்மாவையும் அண்ணன் வீட்டில் சங்கடப்படுத்தும்.

பிறகு அவர் அப்படியே அனுப்பும்படி நாலு வரியில் ஒரு வாட்ஸ்அப் செய்தியும், கூடவே ஐந்தாறு படங்களும் கொடுத்துவைக்கலாம். வேறு யார் வீட்டுப் படமும் அதில் இருக்கக் கூடாது. அவர்கள் வீட்டுப் படத்தையும் அவர்கள் சம்மதித்த பிறகே அனுப்ப வேண்டும்.

அடுத்தது நன்றி. இதில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, புது ஆர்டர் உறுதியாகி அட்வான்ஸ் வந்த பிறகுதான் நன்றி சொல்வது. அந்த அம்மா தன் வேலையை அண்ணன் வீட்டில் பேசிய அன்றே முடித்துவிட்டார். ஆர்டர் கிடைப்பதும் கிடைக்காததும் அவர் கையில் இல்லை. அண்ணன் வீட்டிலிருந்து முதல் அழைப்பு வந்த அன்றைக்கே அவரைக் கூப்பிட்டு, "அண்ணன் பேசினாங்கம்மா, ஞாபகமா சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட வேண்டும். ஆர்டர் முடிந்தாலும் முடியாவிட்டாலும் விவரத்தையும் தெரிவிக்க வேண்டும். சொல்லி அனுப்பியவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போனால் இரண்டாவது முறை சொல்ல மனம் வராது.

பணமா பொருளா என்பது அடுத்த கேள்வி. 2007-இல் கங்சியோக் ரியு, லாரன்ஸ் ஃபைக் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், சம்மானம் இருந்தால் பரிந்துரை கூடுகிறது என்பது தெரிந்தது. ஆனால் தொகையைக் கூட்டிக்கொண்டே போனதால் அதற்கேற்பப் பலன் கூடவில்லை. அதிகம் பழக்கமில்லாதவர்களிடம் பரிந்துரைக்கத்தான் பரிந்துரைப்பவருக்குத் தரும் சம்மானம் நன்றாக உதவியது. நெருங்கியவர்கள் விஷயத்தில், சம்மானத்தில் ஒரு பங்காவது புதிதாக வருகிறவருக்குப் போவது மேலாக இருந்தது. காரணம் நம் வீடுகளிலேயே தெரிந்ததுதான். அண்ணன் மகள் கல்யாணத்தில் அத்தை கமிஷன் வாங்கினாள் என்ற பேச்சு எந்தத் தொகைக்கும் ஈடாகாது.

அதனால் கல்யாணப் புகைப்படத் தொழிலில் ரொக்கத்தைவிடத் தொழிலுக்குள்ளேயே இருக்கும் பொருள் நன்றாக உதவுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஆர்டர் 1,20,000 ரூபாய். வீடியோக்காரர், உதவியாளர், எடிட்டிங், ஆல்பம், போக்குவரத்து எல்லாம் போக 36,000 மிஞ்சுகிறது என்று கொள்வோம். விளம்பரம் கொடுத்துப் பிடித்திருந்தால் இதிலிருந்து ஒரு பங்கு போயிருக்கும். அதில் 3,000 ரூபாயை நன்றிக்கு ஒதுக்கலாம். பாதியில், அந்த அம்மாவின் மகள் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மீதிப் பாதியில் அண்ணன் வீட்டு ஆல்பத்தோடு ஒரு சிறிய பிரதியைச் சேர்க்கலாம், "அத்தை சொன்னதுக்காக" என்று சொல்லி. அத்தைக்கும் அதில் பெருமை. சுவரில் மாட்டிய படம் அடுத்து வருகிறவர் கண்ணிலும் படும். ரொக்கமாகக் கொடுத்தால் இந்த இரண்டும் கிடைக்காது.

இதே 3,000-ஐ "விலையில் தள்ளுபடி" என்று அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தால் ஒரு சிக்கல் வரும். இரண்டு வீடும் விலையை ஒப்பிடும். அப்போது "எங்களுக்கு ஏன் குறைக்கலை?" என்ற கேள்வி பரிந்துரைத்தவரிடமிருந்தே வரும். கூடுதலாக ஒரு பொருளைச் சேர்ப்பது விலையைத் தொடாமல் இருக்கிறது.

மண்டப மேலாளர், அலங்காரக்காரர், மேக்கப் கலைஞர் போன்றவர்கள் ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் பெறும் கமிஷனை இதோடு குழப்பக் கூடாது. அது முன்கூட்டிப் பேசி முடிக்கும் தொழில் ஏற்பாடு. கணக்கில் வர வேண்டிய செலவு. வாடிக்கையாளருக்கும் அதே மாதிரி சதவீதம் பேசத் தொடங்கினால் அவர் தரகராகிவிடுவார். அவர் பேச்சின் மதிப்பும் அதோடு குறையும். எந்த வகையானாலும், கொடுத்ததை மறைத்துவைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. புதிதாக வந்தவருக்குத் தெரிந்தால் கூச்சமாக இருக்கும் என்று தோன்றும் தொகை, கொடுக்கக் கூடாத தொகை.

சில தொழில்களில் இந்த வழியே அடைபட்டிருக்கிறது. நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் அன்பளிப்போ கமிஷனோ கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் தடைசெய்கின்றன. வழக்கறிஞர்கள் வழக்குத் தேடி அலைவதை பார் கவுன்சில் விதிகளும், பட்டயக் கணக்காளர்கள் ஆர்டர் கேட்டுப் போவதை 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. காப்பீட்டு முகவர் தன் கமிஷனில் ஒரு பங்கைப் பாலிசி எடுப்பவருக்கு விட்டுக்கொடுப்பதை 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 41-ஆம் பிரிவு தடுக்கிறது. இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் நன்றியை வாய்ச்சொல்லோடும் நல்ல வேலையோடும் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பரிந்துரை உண்மையில் வருகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விசாரிக்க வரும் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு, பெயரையும் தேதியையும் ஆர்டர் முடிந்ததா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு பெயர் பலமுறை வந்து ஒன்றுகூட முடியாமல் போனால், அவர் அனுப்பும் வட்டத்துக்கும் கேட்கும் விலைக்கும் பொருத்தமில்லை என்று அர்த்தம். அவர் சொல்வதில் குறை இல்லை. நல்ல பாராட்டு வந்த வீட்டிலிருந்து ஒரு சீசன் முழுக்க யாருமே வரவில்லை என்றால், அங்கே கல்யாண வயதில் ஆள் இல்லாமல் இருக்கலாம், அல்லது கேட்ட நேரம் தவறியிருக்கலாம். அந்த வீட்டில் மறுபடி கேட்க வளைகாப்பு, காது குத்து போன்ற அடுத்த விசேஷத்துக்கு அவர்களே கூப்பிடும்வரை காத்திருப்பது நல்லது.