பாட்டுக்கு முன்னால் நாலு வரி

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவருக்குப் போஸ்டர் ஒட்டவோ எஃப்.எம்.மில் ஒலிபரப்பவோ ஆள் கிடையாது. பாட்டு வந்துவிட்டதென்று ஊருக்குச் சொல்வது பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் படத்துக்கு அடியில் அவர் எழுதும் நாலு வரிதான். அங்கே போய் "பல மாத உழைப்பு, கேட்டு ஆதரவு தாருங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். உழைப்பு உண்மைதான். ஆனால் அந்த வரியை எந்தப் பாட்டுக்கும் எழுதலாமே!

ஓர் உதாரணம் பார்ப்போம். அம்மாவின் தையல் மெஷினைப் பற்றி ஒருவர் பாட்டு எழுதி, மெஷினை மிதிக்கிற சத்தத்தையே பதிவு செய்து தாளமாக வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி இப்படி இருக்கலாம்: "இந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டது அம்மாவின் தையல் மெஷின்." இன்ஸ்டாகிராம் தொடக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துவிடும் என்பதால், விஷயம் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது கதை. அம்மா பட்ட கஷ்டம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை; பாட்டில் காதால் கேட்கக்கூடிய ஒன்றைச் சொன்னால் போதும். "ஒரு நிமிஷம் தாண்டியதும் நூல் அறுந்து மெஷின் நிற்கும். அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்." இதைப் படித்தவர் அந்த இடம் வரும்வரை காத்திருப்பார். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. அதையும் இந்த வரி தாண்ட வைத்துவிடும். 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தன் பாட்டி வள்ளியம்மாளைப் பற்றி அறிவு சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டவர்களுக்கு, நிலத்தைப் பற்றிய அந்தப் பாட்டின் வரிகள் வேறு கனத்தோடு கேட்டன.

இனி லிங்க். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தில் லிங்கை ஒட்டினால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும்; தொட்டால் திறக்காது. அதை புரொஃபைலில் உள்ள பயோவில் வைத்து, "லிங்க் பயோவில்" என்று எழுத வேண்டும். ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் போடலாம். வாட்ஸ்அப்பில் அப்படியே ஒட்டினாலே திறக்கும். கேட்பவர்கள் வெவ்வேறு ஆப் வைத்திருப்பார்கள் என்பதால், எல்லாத் தளங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஸ்மார்ட் லிங்க் நல்லது. ஆனால் அது அந்தப் பாட்டுக்கே நேராகப் போக வேண்டும். கலைஞரின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால், பாட்டைத் தேடுகிற பொறுமை யாருக்கும் இருக்காது.

பதிவைப் போடுமுன் அந்த லிங்கை வேறொருவர் போனில் தொட்டுப் பார்ப்பது அவசியம். எல்லாத் தளங்களிலும் பாட்டு ஒரே நேரத்தில் ஏறிவிடுவதில்லை. அதே பெயரில் இன்னொரு கலைஞர் இருந்தால், பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பதும் உண்டு. அப்படி ஆகியிருந்தால் பாட்டை ஏற்றிக்கொடுத்த விநியோக நிறுவனத்துக்கு எழுதி மாற்றச் சொல்லலாம்; அது சரியாகும்வரை பதிவைத் தள்ளிப்போடலாம்.