இல்லையா என்று கேட்டால் 'பலா'

அரபியில் நேராகக் கேட்ட கேள்விக்குப் பதில் எளிது. ஆமென்றால் 'நஅம்', இல்லையென்றால் 'லா'. "இல்லையா?" என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

விமான நிலைய அதிகாரி "அலைஸ மஅக ஜவாஸ்?" என்கிறார். உங்களிடம் பாஸ்போர்ட் இல்லையா? இருக்கிறது என்ற நினைப்பில் 'நஅம்' என்றால், இலக்கணப்படி "ஆமாம், இல்லை" என்றாகிவிடும். கேட்டவரின் வாக்கியத்தை, அதிலுள்ள 'இல்லை'யோடு சேர்த்தே 'நஅம்' ஒப்புக்கொள்கிறது. அந்த 'இல்லை'யை மறுக்க வந்ததுதான் 'பலா'. "பலா, மஅயீ ஜவாஸ்" என்றால் பாஸ்போர்ட் இருக்கிறது.

குர்ஆனின் 7:172 வசனத்தில், தன்னை இறைவனாக ஏற்கிறார்களா என்று இறைவன் எதிர்மறையாகக் கேட்க, ஆதமின் சந்ததியினர் சொல்வதும் 'பலா'தான். 'நஅம்' என்றிருந்தால் அது இறைமறுப்பாகியிருக்கும் என்று இப்னு அப்பாஸ் சொன்னதாக உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரு சொல்லில் அவ்வளவு தூரம்!

பேச்சு வழக்கில் இந்தக் கண்டிப்பு தளர்ந்துவிடும். அதனால் பதிலோடு முழு வாக்கியத்தையும் சொல்லிவிடுவதே பத்திரம். லெபனானிலும் சிரியாவிலும் 'ம்பலா' என்பார்கள். எகிப்தியரோ "லஃ, மஅயா" என்பார்: "இல்லை, இருக்கிறது."