பொத்தான் மாறிய 4 நிமிடம்

அதிரசத்துக்கு மாவு இடிப்பதைக் காட்டச் சொல்கிறார் மாமா. பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேமராவைப் பார்த்தபடியே நாலு குத்துக் குத்திவிட்டு, "போதுமாப்பா?" என்கிறார். 2003 தீபாவளிக்கு முந்தைய வாரம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எடுத்த மினி டிவி கேசட் அது. பாட்டி இப்போது இல்லை. சென்னையில் படத்தொகுப்பாளராக இருக்கும் பேத்தி, குடும்பத்துக்காக ஒரு சிறு படம் செய்ய உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கேமராக்களில் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரே சிவப்புப் பொத்தான்தான். ஒரு அழுத்தல் தவறினால் போதும், அதன்பின் எல்லாம் தலைகீழாகிவிடும். எடுக்கிறோம் என்று நினைக்கும்போது நின்றிருக்கும். நிறுத்திவிட்டோம் என்று கீழே வைத்தால் ஓடிக்கொண்டிருக்கும். பழைய வீட்டு கேசட்டுகளில் தரையும் செருப்பும் வேட்டி நுனியுமாக வரும் துண்டுகளுக்குக் காரணம் இதுதான். பலர் அவற்றை வேகமாக ஓட்டித் தள்ளிவிடுவார்கள். இவர் தொழில்முறைப் பழக்கத்தில் அப்படியே ஓடவிட்டார்.

கேமராவை மாமா திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறார். சட்டகம் கோணலாக இருக்கிறது; பாட்டியின் முகம் இல்லை. உரலும், முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் மட்டும். ஊறவைத்து வடித்த பச்சரிசியை ஈரம் காய்வதற்குள் இடித்தாக வேண்டும். பாட்டிக்கு இப்போது கேமரா நினைவே இல்லை. வலது கை உலக்கையைத் தூக்கும் இடைவெளியில், இடது கை உரல் விளிம்பில் ஒட்டியதை உள்ளே தள்ளிவிட்டு விலகுகிறது. சில குத்துக்கு ஒருமுறை உலக்கை கை மாறுகிறது, தாளம் மாறவில்லை. ஒவ்வொரு குத்தோடும் 'ஹும்' என்று ஒரு மூச்சு. நடுவில் அடுப்படியைப் பார்த்து, "பாகு முத்திடப்போவுதுடி" என்று ஒரு குரல். கேமராவுக்குச் செய்து காட்டியதில் இந்த இடது கையே இல்லை.

கோணலை நிமிர்த்தலாமா என்று யோசித்திருக்கிறார். நிமிர்த்தினால் மூலைகள் காலியாகும், அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். 720-க்கு 576 புள்ளிகளே உள்ள காட்சி அதில் கலங்கிவிடும். ஆகவே அப்படியே விட்டார். வெட்டும் இடம்தான் சிக்கல். உலக்கை விழும் கணத்தில் வெட்டினால் ஒரு குத்துக் குறைந்ததுபோலக் காதுக்கு இடறும். உலக்கை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் பிரேமில் காட்சியைத் தொடங்கி, அதற்குச் சற்று முன்பிருந்தே ஒலியை விட்டிருக்கிறார்.

அம்மாவிடம் காட்டியபோது, "அவங்களுக்குத் தெரியாம எடுத்ததாச்சே" என்று தயங்கினாராம். வீட்டுக்குள் மட்டும் காட்டுவது என்று முடிவாயிற்று. இணையத்தில் போடவில்லை; அது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய கேசட்டை மாற்றக் கொடுக்கும்போது, "வேண்டாததை வெட்டித் தரட்டுமா?" என்று கடையில் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒரு மணி நேர மினி டிவி கேசட் சுமார் 13 ஜிபிதான்.